புது போன்ல சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது: பேட்டரி கோளாறா, ரீஸ்டோர் இன்னும் முடியலையா?

பனைநிழல் | திங்கள், இரவு 9:50

வாங்கி நாலைந்து நாள்தான் ஆகுது. 5000 எம்ஏஹெச் பேட்டரி, ஆண்ட்ராய்டு. பழைய போனிலிருந்து கேபிள் போட்டு எல்லாத்தையும் மாத்தினேன். காலையில 100ல எடுத்துட்டுப் போனா மதியம் 3 மணிக்கு 30க்கு வந்துடுது. மூணு வருஷம் ஓடின பழைய போனே இதைவிட நல்லா நின்னுச்சு. கையில வச்சா லேசா சூடும் இருக்கு, ஒண்ணும் பண்ணாம சும்மா இருக்கும்போதே. திருப்பிக் கொடுக்கிற கெடு முடியறதுக்குள்ள முடிவு பண்ணணும். யாராவது சொல்லுங்க, இது பீஸ் கோளாறா?

வெள்ளிமணி | திங்கள், இரவு 10:05

பேட்டரி இன்னும் செட் ஆகலை தம்பி. முதல் மூணு தடவை 0 வரைக்கும் இறக்கி, ஆஃப் பண்ணி 100 வரைக்கும் ஏத்து. நான் வாங்கின எல்லா போனுக்கும் அப்படித்தான் பண்ணுவேன், ஒரு வாரத்துல சரியாயிடும்.

துடுப்பு | திங்கள், இரவு 10:12

5ஜியை அணைங்க. பேட்டரி சேவரை ஆன் பண்ணி விட்டுடுங்க. வேலை முடிஞ்சது.

சுழல்விசை | திங்கள், இரவு 10:48

போன் மென்பொருளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிமணி ஐயா சொன்னதில் பாதி உண்மை. போனுக்குள் மின்னளவைக் கணக்கிடும் சிப் ஒன்று இருக்கிறது. ஒரு முறை நன்றாக இறங்கி ஏறினால் அது காட்டும் சதவீதம் இன்னும் துல்லியமாகும். ஆனால் அதனால் போன் சாப்பிடுகிற கரன்ட் ஒரு துளிகூடக் குறையாது. லித்தியம் பேட்டரியை அடிக்கடி 0 வரைக்கும் இறக்குவது அதற்கு நல்லதும் இல்லை. ஒரு வாரத்தில் சரியானது நீங்கள் இறக்கி ஏற்றியதால் அல்ல. அந்த வாரத்தில் பின்னணி வேலைகள் தாமாகவே முடிந்திருக்கும்.

ஹோம் ஸ்கிரீன் வந்தவுடன் ரீஸ்டோர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் அது தொடங்குகிறது. கேபிள் போட்டு மாற்றினாலும் பெரும்பாலான ஆப்கள் கேபிள் வழியாக வருவதில்லை. பட்டியல் மட்டும் வரும், ஆப்கள் ஸ்டோரிலிருந்து புதிதாக இறங்கும். இறங்கிய ஒவ்வொன்றையும் விரித்து, சரிபார்த்து, இந்தப் போனின் சிப்புக்கு ஏற்றபடி ஓரளவு கம்பைல் செய்ய வேண்டும். மற்றொரு பக்கம் கேலரி ஒவ்வொரு படத்தையும் திறந்து சிறுபடம் உண்டாக்கும், முகங்களைப் பிரிக்கும். போட்டோ பேக்கப் ஒவ்வொரு கோப்பும் ஏற்கெனவே மேலே இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்கும். நீங்கள் ஒன்றும் செய்யாதபோது போன் சூடாக இருப்பதற்கு இதுவே முதல் சந்தேகம்.

துடுப்பு, பேட்டரி சேவர் யோசனைதான் கொஞ்சம் வம்பு. அது பின்னணி வேலையைத் தள்ளிப்போடும், முடித்துவைக்காது. முதல் நாளிலிருந்தே அதை ஆனில் வைத்தால் மூன்று நாளில் முடிய வேண்டியது மூன்று வாரம் இழுக்கும்.

பனைநிழல், முடிவு எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, Settings > Battery > Battery usage திறந்து மேலே இருக்கிற நாலைந்து ஆப்களின் பின்னணி நேரம் எவ்வளவு என்று பாருங்கள். சதவீதத்தை விடுங்கள். அங்கே காட்டுவது பெரும்பாலும் செலவான கரன்டில் அந்த ஆப்பின் பங்கு, முழு பேட்டரியில் அல்ல. திரையை அதிகம் பார்க்காத நாளில் எந்த ஆப்பும் பூதமாகத் தெரியும். இரண்டாவது, இன்றிரவு படுக்கும்போது எத்தனை சதவீதம், எழுந்ததும் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் போனைத் தொடக் கூடாது, சார்ஜிலும் போட வேண்டாம்.

துடுப்பு | திங்கள், இரவு 11:02

அப்போ சேவர் கூடாதுன்னு சொல்றீங்களா? எனக்கு நல்லாவே வேலை செஞ்சுது.

சுழல்விசை | திங்கள், இரவு 11:09

வெளியூர் போகிற நாளில் தாராளமாகப் போடுங்கள். எந்நேரமும் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். 5ஜி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், சிக்னல் மெலிந்த இடத்தில் ரேடியோ நிறையவே தின்னும். ஆனால் அது இரண்டாம் மாதத்திலும் அப்படியேதான் தின்னும், முதல் வாரத்துக்கு மட்டும் உரிய காரணம் இல்லை.

மழைத்துளி | செவ்வாய், காலை 6:30

எனக்கும் இதே பிரச்சனைதான்! போன வாரம் அப்டேட் வந்ததிலிருந்து சார்ஜ் சரசரன்னு இறங்குது. போன் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. நானும் கேபிள்ல மறுபடி ரீஸ்டோர் பண்ணணுமா?

சுழல்விசை | செவ்வாய், காலை 7:15

வேண்டவே வேண்டாம் அக்கா. உங்களுடையது புது போன் அல்லவே. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஆப்களை மறுபடி கம்பைல் செய்யும், ஓரிரு இரவு சார்ஜில் விட்டால் அடங்கும். ஒரு வாரமாகியும் அடங்கவில்லை என்றால் ஏதாவது ஒரு ஆப் மாட்டிக்கொண்டிருக்கலாம், இல்லை பேட்டரிக்கு வயதாகியிருக்கலாம். தனி இழை போடுங்கள், பார்க்கலாம். இங்கே இரண்டும் கலந்துவிடும்.

பனைநிழல் | செவ்வாய், காலை 7:40

பார்த்துட்டேன் அண்ணே. ராத்திரி 11 மணிக்கு 88, காலையில 6 மணிக்கு 67. தொடவே இல்லை.

பட்டியல்ல மேல இருக்கிறது திரை. அடுத்து Google Play services. அதுக்கு அடுத்து வாட்ஸ்அப், திரையில 35 நிமிஷம், பின்னணியில 6 மணி 20 நிமிஷம்னு காட்டுது. அப்புறம் போட்டோ ஆப், அது பின்னணியில 5 மணி சொச்சம். Play services-ஐ நிறுத்திடலாமா? அதுதான் ரெண்டாவது இடத்துல நிக்குது.

சுழல்விசை | செவ்வாய், காலை 8:20

Play services-ஐத் தொடாதீர்கள். நோட்டிஃபிகேஷன், சிங்க், இருப்பிடம் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. மற்ற ஆப்கள் கேட்கிற வேலையை அது செய்கிறது, பழி அதன் பெயரில் விழுகிறது. யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

உங்கள் கணக்கைப் போடுவோம். 7 மணி நேரத்தில் 21 சதவீதம், அதாவது மணிக்கு 3. 5000 எம்ஏஹெச் பேட்டரியில் அது மணிக்கு 150 எம்ஏஹெச். திரை அணைந்து அமைதியாகத் தூங்குகிற போன் மணிக்கு அரை முதல் ஒரு சதவீதம் இழக்கலாம், அதாவது 25 முதல் 50. உங்கள் போன் தூங்கவில்லை, ராத்திரி முழுக்க ஏதோ வேலை பார்த்திருக்கிறது. என்ன வேலை என்றும் உங்கள் பட்டியலே சொல்லிவிட்டது: வாட்ஸ்அப்பும் போட்டோ ஆப்பும்.

இப்போது இதைப் பாருங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பிலிருந்து மீட்கும்போது மெசேஜ்கள் முதலில் வந்துவிடும், நீங்களும் பயன்படுத்த ஆரம்பித்துவிடுவீர்கள். படம், வீடியோ எல்லாம் பின்னணியில் இறங்கிக்கொண்டே இருக்கும். நோட்டிஃபிகேஷன் பகுதியை முழுக்க இழுத்துப் பாருங்கள், எவ்வளவு இறங்கியிருக்கிறது, மொத்தம் எவ்வளவு என்று இருக்கும். பிறகு போட்டோ ஆப்பில் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டால் பேக்கப்பில் இன்னும் எத்தனை மீதி என்று காட்டும். இரண்டையும் எழுதுங்கள். வைஃபை வேகமும் தெரிந்தால் சொல்லுங்கள். எப்போது, எப்படி சார்ஜ் போடுகிறீர்கள் என்பதும் வேண்டும்.

பனைநிழல் | செவ்வாய், மதியம் 1:25

வாட்ஸ்அப்: 38 ஜிபில 17 இறங்கியிருக்கு. போட்டோ ஆப்: 9,400 மீதின்னு காட்டுது, இது எங்கேருந்து வந்துச்சுன்னே புரியலை, என் படங்கள் எல்லாம் ஏற்கெனவே மேலேதானே இருக்கு? வைஃபை இறக்கம் 8 எம்பிபிஎஸ், ஏற்றம் 2.

சார்ஜ் சாயங்காலம்தான். வீட்டுக்கு வந்ததும் போட்டுட்டு அதுலயே வீடியோ பார்ப்பேன். படுக்கும்போது எடுத்துடுவேன், ராத்திரி முழுக்க சார்ஜ்ல போடக்கூடாதுன்னு எங்க பெரியப்பா கண்டிப்பு.

சுழல்விசை | செவ்வாய், மதியம் 2:10

முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

8 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. 38 ஜிபிக்கு, வேறு யாரும் வைஃபையைத் தொடாமல் இருந்தாலே, பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்களோ பகலில் வெளியே இருக்கிறீர்கள், சாயங்காலம் வீடியோ பார்க்கிறீர்கள். அதற்கு மிஞ்சுகிற நேரத்தில்தான் இது ஊர்ந்து வந்திருக்கிறது.

அந்த 9,400 எங்கிருந்து என்று கேட்டீர்களே. என் ஊகம்: வாட்ஸ்அப் இறக்குகிற படங்கள் போய் விழுகிற கோப்புறைக்கும் பேக்கப் ஆன் ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் இறங்க இறங்க, இன்னொரு பக்கம் அதே படங்கள் மேலே ஏறுகின்றன. ஏற்றம் 2 எம்பிபிஎஸ், அதாவது மணிக்கு 0.9 ஜிபி. 38 ஜிபியும் ஏறுவதாக வைத்தால் நாற்பது மணி நேரத்துக்கும் மேல். யாருக்கும் வேண்டாத காலை வணக்கப் படங்களை மேலே ஏற்றுவதற்காக உங்கள் பேட்டரி உருகிக்கொண்டிருக்கிறது. போட்டோ ஆப்பின் பேக்கப் அமைப்பில் Back up device folders என்று இருக்கும், அங்கே WhatsApp Images, WhatsApp Video இரண்டையும் பாருங்கள்.

இதெல்லாம் சார்ஜ் இல்லாமலும் ஓடுகிற வேலைகள். இன்னொரு வகை இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஆப்களைக் கம்பைல் செய்து மெருகேற்றுவது, கேலரியின் கனமான ஆய்வுகள் போன்றவை, போன் சார்ஜில் இருக்க வேண்டும், யாரும் பயன்படுத்தாமலும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் ஓடும். உங்களுக்கு இரண்டும் சேர்வதே இல்லை. சார்ஜில் இருக்கும்போது வீடியோ ஓடுகிறது, சும்மா கிடக்கும்போது சார்ஜ் இல்லை. அது ஓடுகிற வரைக்கும் ஆப்கள் கொஞ்சம் அதிகமாகவே சிபியுவைக் கேட்கும். முதல் சில நாள் என்று எல்லோரும் சொல்வது சிலருக்கு மட்டும் மூன்று வாரமாக நீள்வதற்கு நான் பார்த்த வரை இதுதான் பெரிய காரணம்.

பெரியப்பாவிடம் ஒரே ஒரு இரவுக்கு அனுமதி வாங்குங்கள். வைஃபை ஆனில், திரை பூட்டி, கட்டில் மெத்தைமேல் இல்லாமல் காற்று படும் மேசைமேல் வைத்து, உறையைக் கழற்றிவிட்டு, காலை வரைக்கும் சார்ஜில் விடுங்கள்.

வெள்ளிமணி | செவ்வாய், மதியம் 3:00

பெரியப்பா சொல்றதுல தப்பில்லை சார். 100ல் போய் மணிக்கணக்கா நின்னா பேட்டரிக்கு ஆயுசு குறையும்.

சுழல்விசை | செவ்வாய், மதியம் 3:20

சரிதான் ஐயா, 100லேயே சூடாக நிற்பது நல்லதில்லை. ஒரு இரவு என்றுதான் சொன்னேன், வருடம் முழுக்க இல்லை. ஒரு இரவின் சேதம் ஒன்றும் தெரியாது.

அலைவரிசை | செவ்வாய், மாலை 5:45

காத்திருக்கப் பொறுமை இல்லாதவங்க அந்த கம்பைல் வேலையை நாமே ஓட்ட முடியுமா? கம்ப்யூட்டர்ல adb இருக்கு.

சுழல்விசை | செவ்வாய், மாலை 6:10

முடியும். USB debugging ஆன் செய்து, சார்ஜ் நன்றாக இருக்கும்போது:

```
adb shell cmd package bg-dexopt-job
```

ஆப் எண்ணிக்கையைப் பொறுத்து வெகு நேரம் எடுக்கலாம், போன் சூடாகும், பயப்பட வேண்டாம். ஆனால் இது கம்பைல் வேலையை மட்டும் முடிக்கும். இறக்கமும் ஏற்றமும் போட்டோ ஆய்வும் அப்படியேதான் இருக்கும். சும்மா ஒரு இரவு சார்ஜில் விட்டால் இதுவும் நடக்கும், அதுவும் நடக்கும்.

நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 8:30

நான் ஐபோன். ஐக்ளவுடிலிருந்து ரீஸ்டோர், 60,000 படங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் மதியத்துக்குள் பாதி காலி. தேடலில் பழைய படங்களும் சரியாக வருவதில்லை. இரவு சார்ஜில்தான் போடுகிறேன், பூட்டித்தான் வைக்கிறேன். அண்ணா சொன்னதெல்லாம் செய்கிறேனே?

சுழல்விசை | செவ்வாய், இரவு 9:00

ஐபோன் என் வேலைப் பகுதி இல்லை, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அங்கேயும் முகம், காட்சி ஆய்வு போனுக்குள்ளேதான் நடக்கிறது, பூட்டி சார்ஜில் இருக்கும்போது ஓடும். ஆட்கள் ஆல்பத்தின் அடியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி காட்டுமே, பார்த்தீர்களா? Low Power Mode நிரந்தரமாக ஆனில் இருக்கிறதா? அது ஆனில் இருந்தால் ஐக்ளவுட் போட்டோஸ் சிங்க் ஆகாமல் நிற்கும்.

நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 9:25

பேட்டரி ஐகான் எந்நேரமும் மஞ்சள்தான், ஆமாம். பழக்கம். ஆனால் 80ஐத் தாண்டினால் அது தானாகவே அணைந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

துடுப்பு | செவ்வாய், இரவு 9:31

சார்ஜ்ல 80 தாண்டினா அணையும். ஆனா நீங்க ஷார்ட்கட் ஆட்டோமேஷன் ஏதாவது வச்சிருந்தா மறுபடி ஆன் ஆயிடும். என் தங்கச்சி போன்ல அப்படித்தான் இருந்துச்சு.

நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 9:50

இருக்கிறது! பழைய போனில் வைத்த ஆட்டோமேஷன், ரீஸ்டோரில் அதுவும் கூடவே வந்திருக்கிறது. நீக்கிவிட்டேன். ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று தெரியாது, 60,000 படம் கொஞ்சமில்லையே. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கல்தூண் | புதன், காலை 6:10

எதுக்கு இவ்வளவு பேச்சு. ஃபேக்டரி ரீசெட் போட்டு மறுபடி செட்டப் பண்ணுங்க, புதுசா ஆயிடும்.

சுழல்விசை | புதன், காலை 7:00

ரீசெட் போட்டு அதே பேக்கப்பை மறுபடி மீட்டால், முடிந்துபோன வேலை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பத்து ஜிபி மீதி இருக்கிறவர் 38 ஜிபிக்குத் திரும்பிப் போவார். பேக்கப் இல்லாமல் வெறுமையாகத் தொடங்கினால் வேறு கதை, அதைச் செய்ய யாருக்குத்தான் மனசு வரும்.

கேட்டதற்கு மேலே ஒன்று சொல்லி வைக்கிறேன். ஆண்ட்ராய்டில், புதிதாக நிறுவிய ஆப்பை ஒரு முறையாவது நீங்கள் திறக்கும் வரை அது பொதுவாகப் பின்னணியில் எழாது. அதனால் முதல் நாளே உட்கார்ந்து 120 ஆப்களையும் வரிசையாகத் திறந்து லாகின் போட்டுப் பார்க்காதீர்கள். திறந்த ஒவ்வொன்றும் தன் பங்குக்கு சிங்க் செய்யக் கிளம்பும், பாட்டு ஆப் பழைய ஆஃப்லைன் பாடல்களை இறக்கும், மேப் வரைபடத்தை இறக்கும். தேவையானதை மட்டும் திறங்கள். மாதக்கணக்கில் திறக்காதது திறக்கப்படாமலே இருக்கட்டும்.

பனைநிழல் | வியாழன், காலை 7:05

அண்ணே, நீங்க சொன்ன ரெண்டு கோப்புறையும் ஆன்லதான் இருந்துச்சு, அணைச்சேன். 9,400 அப்படியே 200 சொச்சமா இறங்கிடுச்சு. செவ்வாய் ராத்திரி சார்ஜ்ல விட்டேன், உறை கழட்டி. காலையில வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் காணோம், முடிஞ்சிருக்கு. ஆப் திறக்கிறதும் கொஞ்சம் சுறுசுறுப்பா தெரியுது, இல்லை எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ.

நேத்து ராத்திரி சார்ஜ் இல்லாம விட்டேன். 11 மணிக்கு 90, காலை 6 மணிக்கு 85.

சுழல்விசை | வியாழன், காலை 7:30

மணிக்கு 0.7. உங்கள் போன் தூங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டாம். பகல் செலவு இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் திரை நேரத்தைப் பாருங்கள், புதுசு என்பதால் கையிலேயே வைத்திருப்பீர்கள்.

வரப்பு | வியாழன், காலை 10:15

இழை முழுக்கப் படித்தேன். எனக்கு இதெதுவும் பொருந்தவில்லை. புது போன், ரீஸ்டோரே செய்யவில்லை, நாலு ஆப்தான் போட்டிருக்கிறேன். வாங்கிப் பத்து நாள் தாண்டிவிட்டது. ஏரோபிளேன் மோடில் 7 மணி நேரத்தில் 14 சதவீதம். லேசாகச் சூடு.

கல்தூண் | வியாழன், காலை 10:30

இன்னும் ஒரு ரெண்டு வாரம் பாருங்க சார், செட் ஆகும்.

சுழல்விசை | வியாழன், காலை 11:05

கல்தூண், இவருக்கு அந்தப் பேச்சு ஆகாது. ரீஸ்டோர் இல்லை, இறக்க ஒன்றும் இல்லை, வலையும் துண்டித்திருக்கிறது. அதற்குப் பிறகும் மணிக்கு 2 சதவீதம் என்றால், தானாக முடிகிற வேலை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வாரம் காத்திருந்தால் திருப்பும் கெடுதான் போகும்.

வரப்பு, ஒரே ஒரு சோதனை பாக்கி. பவர் மெனுவிலிருந்து சேஃப் மோடில் போங்கள், அதில் நீங்கள் போட்ட ஆப்கள் இயங்காது. ஏரோபிளேன் மோடில், அதே 7 மணி நேரம். இறக்கம் 4, 5க்கு வந்தால் அந்த நாலு ஆப்பில் ஒன்றுதான் திருடன்.

வரப்பு | வெள்ளி, காலை 6:50

சேஃப் மோடில் 13.

வெள்ளிமணி | வெள்ளி, காலை 7:10

மின்னளவுச் சிப் தப்பா காட்டுதோ என்னவோ? நான் முதல்ல சொன்னதுதான், ஒரு தடவை இறக்கி ஏத்திப் பார்க்கலாமே.

சுழல்விசை | வெள்ளி, காலை 7:35

ஐயா, அந்த வாய்ப்பை நான் முழுசாக ஒதுக்க மாட்டேன். கணக்கு பிசகினால் ஓரிடத்தில் சரிந்து இன்னோரிடத்தில் நிற்கும், நாள் முழுக்க சீராக இறங்காது. தவிர, சூடு வேறு இருக்கிறதே, அளவு தப்பாகக் காட்டுவதால் போன் சுடாது. நேற்றைய இறக்கம் சீராக இருந்ததா என்று பேட்டரி வரைபடத்தைப் பாருங்கள் வரப்பு. சீரான கோடாக இருந்தால் அந்த வரைபடத்தையும், சேஃப் மோடு எழுத்து திரையில் தெரிகிற படத்தையும் எடுத்துக்கொண்டு இன்றே கடைக்குப் போங்கள். போர்டா, பேட்டரியா, போனோடு வந்த மென்பொருளா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

வரப்பு | வெள்ளி, காலை 8:00

கோடு சீராகத்தான் இறங்குகிறது, ஆனால் 60 பக்கத்தில் ஒரு சின்னப் படி தெரிகிறது. படம் எடுத்துவிட்டேன். போய்விட்டு வந்து சொல்கிறேன்.